கதவுக்குக் கீழே முக்கால் அங்குலம்

அன்புள்ள அக்காவுக்கு,

வேளச்சேரியில் ஒரு பழைய ஃபிளாட் வாங்கியிருக்கிறோம். படுக்கையறையோடு சேர்ந்த பாத்ரூம் ஐந்தடிக்கு ஏழடி. ஜன்னல் கிடையாது, ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் இருக்கிறது. பிளைவுட் அலமாரி, கரும்பச்சை பெயின்ட், மூங்கில் மிதியடி, மணி பிளான்ட் எல்லாம் வைத்து அழகாக்க ஆசை. ஈரத்தில் கெடாமல் இருக்க என்னென்ன வாங்கலாம்? இப்போதே துண்டெல்லாம் இரண்டு நாளில் நாறுகிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

துண்டு நாறுவதைக் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கடிதமே. ஏம்மா, துண்டே காயாத அறையில் மூங்கில் காயுமா? மிதியடியும் மணி பிளான்ட்டும் வேண்டாம். வெளிச்சமே இல்லாத இடத்தில் செடியை வைத்து வாட விடாதீர்கள்.

இதே தவறை நானும் செய்தேன். எங்கள் பாத்ரூமிலும் ஜன்னல் இல்லை. வாஷ்பேசினுக்குக் கீழே பிளைவுட் அலமாரி செய்தோம். கொதிநீரே தாங்கும் என்று கடையில் சொன்னார்கள். தாங்குவது பலகைகளை ஒட்டியிருக்கும் பசை. அறுத்த ஓரத்திலும் கீலுக்குத் துளைத்த ஓட்டையிலும் மரம் தண்ணீரைக் குடித்துக்கொண்டேதான் இருக்கும். இரண்டாவது மழைக்காலத்தில் அடிப்பலகை டீயில் நனைத்த ரஸ்க் போல உப்பிவிட்டது. கதவு மூட வரவில்லை.

அந்த நேரத்தில்தான் அத்தை ஊரிலிருந்து வந்தார். அத்தை வீட்டுக் குளியலறை கொல்லைப்புறத்தில் இருந்தது. பாதிக்கு மேல் கூரை கிடையாது. பத்து மணி வெயில் நேரே தரையில் விழும். செம்பு அண்டா, ஒரு கல், ஒரு கொடி, அவ்வளவுதான். அங்கே நாற்றம் என்பதே நான் அறிந்ததில்லை. எங்கள் பாத்ரூமுக்குள் போன அத்தை கதவைச் சாத்தினார், திறந்தார், மறுபடி சாத்தினார். “கதவுக்கடியில எறும்பு போக இடமில்ல, காத்து எப்படிடி வரும்?” என்றார்.

வெளிக்காற்று உள்ளே வர வழி இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஈரக்காற்றை ஃபேன் இழுக்க முடியாது. சும்மா சுற்றும், சத்தம் மட்டும் வரும். குளித்த பிறகு ஒரு டிஷ்யூ பேப்பரை ஒற்றைத் தாளாகப் பிரித்து, கதவைச் சாத்திவிட்டு, ஃபேன் வலையில் ஒட்டிப் பாருங்கள். காற்று வர வழி இல்லாவிட்டால் விழுந்துவிடும். கதவைத் திறந்து வைத்து ஒட்டினால் நிற்கும். அப்படி நின்றால் குறை ஃபேனில் இல்லை, கதவில். எங்களுக்கு அப்படித்தான் ஆனது. தச்சரைக் கூப்பிட்டுக் கதவின் அடியில் முக்கால் அங்குலம் அறுத்தோம்.

நின்றாலும் சரி, இரண்டு தடவையும் விழுந்தாலும் சரி, ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு பலகையைக் கழற்றி மேலே டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் கதவு போதாதென்று, ஃபேனின் குழாயும் வெளிச்சுவர் வரை போகவே இல்லை, பாதியில் நின்றிருந்தது. ஈரம் முழுவதும் சீலிங்குக்கு மேலேயே தங்கி, கான்கிரீட்டில் கறுப்பாகப் பூசணம் படர்ந்திருந்தது. மேலே மூடி மறைத்துவிட்டு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்ற தைரியம்! குழாயை வெளிச்சுவர் வரை நீட்டிய பிறகு கண்ணாடியில் படியும் ஆவி பத்து நிமிஷத்தில் விலகியது. குளித்து முடித்ததும் ஃபேனை அணைத்துவிடாதீர்கள். இன்னும் இருபது நிமிஷம் ஓடட்டும். சின்ன ஃபேனுக்குக் கரண்ட் பெரிதாக ஆகாது.

சரி, அலமாரி. பிவிசி பலகையில் செய்யுங்கள். தரையிலிருந்து ஓரடி மேலே, சுவரில் மாட்டுகிற மாதிரி இருக்கட்டும். அடியில் துடைக்க முடிய வேண்டும். முதுகுப் பலகைக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழைகிற இடம் விடுங்கள். ஸ்க்ரூவும் கீலும் 304 ஸ்டீல் என்று கேட்டு வாங்குங்கள். பலகை நன்றாக இருந்து, மலிவான ஸ்க்ரூ துருப்பிடித்துப் பழுப்பாகக் கோடு வழிந்த அலமாரிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். துண்டை மட்டும் அதற்குள் வைக்கவே கூடாது. நனைந்த துண்டு பால்கனிக் கொடிக்கு, உலர்ந்த துண்டு படுக்கையறை பீரோவுக்கு.

கரும்பச்சை உங்கள் இஷ்டம். ஆனால் உங்கள் பாத்ரூமில் வெயில் என்பதே கிடையாது, பல்பு வெளிச்சம்தான். கடையில் பார்த்த நிறம் அங்கே அப்படியே தெரியாது. டைல்ஸுக்கு மேலே உள்ள சுவரில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு அடித்து, கதவைச் சாத்திக்கொண்டு பாருங்கள். நானாக இருந்தால் சுவருக்கு வெளிர் மஞ்சள், பூசணம் பிடிக்காத பெயின்ட்டில் அடித்து, பச்சையை வாளியிலும் மக்கிலும் வைத்துக்கொள்வேன்.

அதற்கு முன், இன்று குளித்ததும் அந்த டிஷ்யூ பேப்பர். நின்றதா, விழுந்ததா என்று எழுதுங்கள். அதுவரை பெயின்ட்டும் வேண்டாம், அலமாரிக்கு அட்வான்ஸும் வேண்டாம்.

அன்புடன்,
அக்கா