கை போச்சு, கால் எப்படித் தப்பியது?

"அப்பாவுக்கு ஸ்ட்ரோக். வலது கை தூக்க வரவில்லை, வாய் கோணிவிட்டது, சொல்வது புரிகிறது ஆனால் பேச வரவில்லை. நடக்க மட்டும் முடிகிறது. கால் எப்படித் தப்பியது?"

காலுக்கு ரத்தம் வேறு குழாயில் போகிறது, அதனால்தான். கழுத்தின் கரோடிட் தமனி மண்டைக்குள் போனதும் முன் பெருமூளைத் தமனி, நடுப் பெருமூளைத் தமனி என்று இரண்டாகப் பிரியும். காதுக்கு மேலே பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அதற்குள்ளே இருக்கும் வெளிப்பரப்பு நடுத்தமனியுடையது. முகம், கை இரண்டையும் அசைக்கும் பகுதிகள் அங்கேதான். காலுக்கான பகுதி உச்சிக்குப் போய், இரண்டு மூளைப் பாதிகளுக்கு நடுவே உள்பக்கமாக மடிந்து இறங்குகிறது. அது முன்தமனியின் பங்கு.

வலப்பக்கத்தை ஆள்வது இடது மூளை. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் அங்கேதான். நடுத்தமனியின் மேல்கிளை பேச்சை உருவாக்கும் இடத்துக்கும், கீழ்கிளை புரிந்துகொள்ளும் இடத்துக்கும் போகின்றன. அப்பாவுக்குப் புரிகிறது என்பதால், அடைப்பு மேல்கிளையில் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஸ்கேன்தான் உறுதிசெய்யும்.

அடைப்பு நடுத்தமனியின் அடித்தண்டிலேயே இருந்தால் கதை வேறு. அங்கிருந்து கிளம்பும் மெல்லிய குழாய்கள்தான் மூளையின் ஆழத்துக்கு ரத்தம் தருகின்றன. முகம், கை, காலுக்கான நரம்பு இழைகள் அங்கே ஒரே கட்டாக நெருங்கிப் போவதால் மூன்றும் சேர்ந்து விழும். அதனால் இப்போது வலது காலும் இழுக்க ஆரம்பித்தாலோ, அப்பா தூங்கித் தூங்கி வழிந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வார்டில் இருந்தால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள், வீட்டில் என்றால் 108.