பதினேழு கிணறும் இரண்டு p பெறுமானமும்

*“ஆரையம்பதிப் பக்கம் 17 வீட்டுக் கிணறுகளில் தண்ணீர் எடுத்து கோலிபோம் பக்டீரியா இருக்கிறதா என்று பார்த்தேன். மூடி போட்ட 9 கிணற்றில் 2இல் இருந்தது, மூடியில்லாத 8இல் 6இல் இருந்தது. கைவர்க்கச் சோதனையில் p 0.03. மேற்பார்வை செய்யும் சேர் பிஷர் சோதனை போடச் சொன்னார், அதில் 0.057 வருகிறது. எதை எழுதுவது?”*

0.057ஐ எழுதுங்கள். 0.03 வந்தது கணக்குப் பிழையால் அல்ல. அந்தச் சோதனைக்கு உங்கள் எண்ணிக்கை போதாது.

முதலில் பிஷர் சோதனை என்ன செய்கிறது என்று பார்ப்போம். மூடியால் எந்த வித்தியாசமும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் கோலிபோம் வந்த 8 கிணறும் 17இல் எந்த எட்டாகவும் இருந்திருக்கலாம். 17இலிருந்து 8ஐத் தெரிவுசெய்ய 24,310 வழிகள் உண்டு. அவற்றில் மூடியுள்ள 9இலிருந்து 2ஐ எடுக்க 36 வழி, மூடியற்ற 8இலிருந்து மீதி 6ஐ எடுக்க 28 வழி, பெருக்கினால் 1,008. மூடியுள்ளவற்றில் 0, 1, 2 என்று 8 வரை விழக்கூடிய ஒவ்வொன்றுக்கும் இப்படியே எண்ணினால்:

```
0     1     2     3     4     5     6    7   8
1    72  1008  4704  8820  7056  2352  288   9
```

உங்களுக்குக் கிடைத்தது 2. அதே அளவு அரிதானவையும் அதைவிட அரிதானவையும் 0, 1, 2, 7, 8. அவற்றின் கூட்டுத்தொகை 1,378. அதை 24,310ஆல் வகுத்தால் 0.0567. வளைகோடோ, அண்ணளவாக்கமோ இதில் இல்லை, வெறும் எண்ணல்தான். துல்லியச் சோதனை என்ற பெயர் அதனால் வந்தது.

கைவர்க்கச் சோதனை செய்வது வேறு. அந்த ஒன்பது படிகளுக்கு மேலால் ஒரு வழுவழுப்பான வளைகோட்டைப் போர்த்தி, அதன் வாலின் பரப்பை p என்று தருகிறது. மாதிரி பெரிதென்றால் படிகள் நெருங்கி, போர்வை ஒட்டிக்கொள்ளும். உங்கள் அட்டவணையில் ஒட்டாது. மூடியுள்ளவற்றில் 6 என்றால் கைவர்க்கம் 2.95, 2 என்றால் ஒரே தாவலில் 4.74, 7 என்றால் 7.24. இடையில் ஒன்றுமே இல்லை. 5% எல்லையான 3.84 அந்த வெற்றிடத்தில் விழுகிறது. 4.74க்கு அப்பால் 0.03 பரப்பு இருப்பதாக வளைகோடு சொல்கிறது, ஆனால் அங்கே உண்மையில் இருப்பது 0.057, கிட்டத்தட்ட இரட்டிப்பு.

இதைக் கண்டுபிடிக்க எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கையைப் பாருங்கள்: வரிசைக் கூட்டுத்தொகையை நிரல் கூட்டுத்தொகையால் பெருக்கி மொத்தத்தால் வகுக்க வேண்டும். உங்கள் நான்கு கலங்களிலும் அது 3.76இலிருந்து 4.76 வரைதான், எல்லாமே 5க்குக் கீழே. இங்கே பலர் தவறுவது, கண்ட எண்ணிக்கையைப் பார்த்து முடிவெடுப்பது. ஒரு கலத்தில் 2 இருப்பது மட்டும் குற்றமில்லை. அங்கே எதிர்பார்க்கப்படுவது 12 என்றால் கைவர்க்கம் தாராளமாகப் போதும். SPSS அட்டவணையின் அடியில் `4 cells (100.0%) have expected count less than 5` என்று எழுதியிருக்கும். அதை வாசிக்காமல் மேல்வரி p-ஐ மட்டும் பிரதிபண்ணுவதுதான் வழமையாக நடக்கிறது. அதே பெட்டியில் `Fisher's Exact Test` வரியும் இருக்கும். R என்றால்:

```
k <- matrix(c(2, 6, 7, 2), nrow = 2)
fisher.test(k)
```

எண்கள் நிரல்வாரியாகப் போகும். சதவீதத்தைப் போடக்கூடாது, கிணறுகளின் எண்ணிக்கையை மட்டும் போடுங்கள். 22, 75 என்று சதவீதம் போட்டால் ஒவ்வொரு வகையிலும் 100 கிணறு பார்த்ததாக R நம்பிவிடும். `chisq.test(k)` சுமார் 0.09 தரும், திகைக்க வேண்டாம். இரண்டுக்கு இரண்டு அட்டவணைக்கு அது p-ஐ உயர்த்தும் யேட்ஸ் திருத்தத்தைத் தானாகவே சேர்க்கிறது.

ஒருபக்கச் சோதனை செய்தால் 1,081ஐ 24,310ஆல் வகுத்து 0.044 வரும். ஆசையாக இருக்கும். ஆனால் மூடி பாதுகாக்கும் திசையை மட்டுமே பார்ப்பேன் என்று தண்ணீர் எடுக்க முன்னரே ஆய்வுத் திட்டத்தில் எழுதியிருந்தால் மட்டும்தான் அது நியாயம்.

பிஷரிலும் ஒரு குறை உண்டு. 5%க்குள் அடங்கும் அடுத்த படி 0, 1, 7, 8 மட்டும். அதன் நிகழ்தகவு 0.015. அதாவது 5% என்று சொல்லிக்கொண்டு உண்மையில் 1.5% கடுமையைக் கேட்கிறது. ஆகவே 0.057ஐ ‘மூடியால் பயனில்லை’ என்று வாசிக்காதீர்கள். ‘மூடியுள்ளவற்றில் 2/9, மூடியற்றவற்றில் 6/8; பிஷரின் துல்லியச் சோதனை, இருபக்க p = 0.057’ என்று எண்ணிக்கைகளோடு சேர்த்தே எழுதுங்கள்.

அடுத்த கட்டமாக அதே கிணறுகளுக்கு மூடி போட்டு, முன்னும் பின்னும் ஒப்பிடுவதாக இருந்தால் இந்தச் சோதனை பொருந்தாது. அது சோடியான தரவு, மக்நெமார் சோதனைக்குரியது.