அந்த இரண்டு போத்தல்களும் மாமியின் நேர்த்தியும்

அன்புள்ள அக்கா,

நாங்கள் உவர்மலையில் இருக்கிறோம். மகனுக்கு 5 வயது. போன வருசம் ஓட்டிசம் என்று சொன்னார்கள். பத்துப் பதினைந்து சொல்தான் கதைப்பான். மாமி பாலையும் பாணையும் நிறுத்தச் சொல்லுகிறா, நூல் கட்டுவித்திருக்கிறா, கோயிலுக்கு நேர்த்தியும் வைத்திருக்கிறா. கனடாவில் இருக்கிற இவரின் அண்ணா இரண்டு சின்னப் போத்தல் அனுப்பியிருக்கிறார். இரண்டிலும் இருந்து துளி எடுத்துக் கலந்து, மஞ்சளாக வந்தபிறகு தண்ணீரில் விட்டுக் கொடுக்கட்டாம். வயிற்றாலை போனால் அதுதான் வேலை செய்கிற அடையாளமாம். அவருக்குத் தெரிந்த ஒரு பிள்ளை இதைக் குடித்துக் கதைக்கத் தொடங்கிவிட்டதாம். நான் யோசிக்கிறேன் என்றதும், "பிள்ளை சுகமாகிறது உனக்கு விருப்பமில்லையோ" என்று கேட்டுவிட்டார். இரண்டு இரவு நித்திரையில்லை. கொடுத்துப் பார்க்கலாமா? இவர்களுக்கு நான் என்ன சொல்ல?

ஒரு தாய், திருகோணமலை

*

அன்புள்ள தங்கச்சி,

போத்தலை முதலில் முடிப்போம். கொடுக்க வேண்டாம், ஒரு துளியும் வேண்டாம். நீங்கள் எழுதிய விதத்தைப் பார்த்தால் ஒன்றில் சோடியம் குளோரைட் கரைசல், மற்றதில் சிற்றிக் அமிலம் போல ஒரு புளிப்பு. சாப்பாட்டு உப்பு சோடியம் குளோரைடு, இது வேறு பொருள், பெயரில் மட்டும்தான் ஒற்றுமை. இரண்டையும் கலந்தால் குளோரின் டயொக்சைட் உண்டாகும். அந்த மஞ்சள் நிறமும் நீச்சல் குளத்து மணமும் அதனுடையவைதான். கடதாசிக் கூழையும் துணியையும் வெளுக்கப் பாவிக்கிற பொருள் அது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2010இலும் திரும்ப 2019இலும் இதைக் குடிக்க வேண்டாம் என்று எச்சரித்தது. கடுமையான சத்தி, வயிற்றோட்டம், உடம்பில் நீர் வற்றி இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்குதல், ஈரல் பழுதாகுதல் என்று அதில் சொல்லியிருந்தது. ஓட்டிசம் உட்படப் பல வருத்தங்களுக்கு மருந்தென்று இதை விற்ற புளோரிடாக் குடும்பம் ஒன்றின் தகப்பனும் மூன்று மகன்மாரும் 2023இல் சிறைத்தண்டனை பெற்றார்கள். இதைக் கனடா அண்ணாவுக்கு அப்படியே எழுதி அனுப்புங்கள். அவர் கெட்டவர் இல்லை, ஏமாற்றப்பட்டவர்.

வயிற்றோட்டத்தை நல்ல அடையாளம் என்று சொல்வதுதான் இந்த ஏமாற்றின் மிகக் கொடிய பகுதி. பிள்ளையின் உடம்பு "வேண்டாம்" என்று சொல்கிற ஒரே வழியையும் அது அடைத்துவிடுகிறது. தனக்கு வயிறு நோகிறது என்று சொல்லச் சொல்லில்லாத பிள்ளை உங்களுடையது. யாராவது உங்களுக்குத் தெரியாமல் ஏற்கெனவே கொடுத்திருந்து, சத்தியோ வயிற்றோட்டமோ இருந்தால், சிறுநீர் குறைந்தால், பிள்ளை சோர்ந்து படுத்தால், இரண்டு போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆசுபத்திரிக்குப் போங்கள். என்ன கொடுத்தோம் என்று மறைக்க வேண்டாம்.

இனி அந்தக் "கதைக்கத் தொடங்கிய பிள்ளை". உங்களை நித்திரையில்லாமல் செய்தது போத்தல் அல்ல, அந்தப் பிள்ளைதான் என்று நினைக்கிறேன். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. உண்மையாகவே கதைத்திருக்கலாம். அதை எப்படி விளங்கிக்கொள்வது என்பதைத்தான் நான் மெல்ல எழுதப் போகிறேன்.

1998இல் அமெரிக்காவில் செக்ரெட்டின் என்ற ஓமோனைப் பற்றி ஒரு செய்தி பரவியது. எங்கள் குடலே சுரக்கிற ஓமோன் அது. வயிற்றுப் பரிசோதனைக்காக அதை ஊசியில் ஏற்றிய மூன்று ஓட்டிசப் பிள்ளைகள் அதன்பிறகு ஆட்களின் கண்ணைப் பார்த்தார்கள், கூடக் கதைத்தார்கள் என்று வைத்தியர்களே எழுதினார்கள். நாடு முழுக்கப் பெற்றோர் அந்த ஊசிக்கு அலைந்தார்கள். அடுத்த வருடம் 60 பிள்ளைகளை எடுத்து ஒழுங்காகச் சோதித்தார்கள். பாதிப் பேருக்குச் செக்ரெட்டின், பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். எந்தப் பிள்ளைக்கு எது ஏறியது என்று பெற்றோருக்கும் தெரியாது, பிள்ளையை மதிப்பிட்டவர்களுக்கும் தெரியாது. முடிவில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரேயளவுதான் மாறியிருந்தார்கள். உப்புத் தண்ணீர் ஏறிய பிள்ளைகளிலும் முன்னேற்றம் தெரிந்தது!

அது எப்படி? ஓட்டிசமுள்ள பிள்ளையும் வளர்கிற பிள்ளைதான். அவனுடைய வளர்ச்சி படிப்படியாக வராது. மாதக்கணக்கில் ஒன்றும் அசையாத மாதிரி இருக்கும், பிறகு ஒரு கிழமைக்குள் மூன்று சொல் வரும். நாங்கள் புது மருந்தைத் தேடுகிறதோ, பிள்ளை நித்திரையில்லாமல் தலையை இடித்துக்கொண்டு கத்துகிற மோசமான நாட்களில். மோசமான நாட்கள் எப்படியும் கொஞ்சம் இறங்கும், இறங்குகிற நேரம் கையில் எந்த மருந்து இருந்ததோ அதற்குப் பேர் போய்விடும். மருந்து கொடுத்த அன்றிலிருந்து நாங்களும் பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருப்போம். முன்பு காதில் விழாத சத்தங்கள் எல்லாம் சொல்லாகக் கேட்கும். அந்த ஆய்வின் முடிவைச் சொன்ன பிறகும், பெற்றோரில் 69 வீதமானோர் தங்களுக்குச் செக்ரெட்டினில் இன்னும் நாட்டம் உண்டு என்றார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அந்த இடத்தில் நின்றவள்.

என் மகனுக்கு 4 வயது நடந்தபோது தூரத்து உறவு ஒருவர் ஒரு சூரணம் கொண்டு வந்தார். என்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்டோம். பரம்பரை இரகசியம் என்றார். தேனில் குழைத்து இரண்டு நேரம் கொடுத்தோம். மூன்றாம் கிழமை பிள்ளை குசினி வாசலில் நின்று "தண்ணி" என்றான். வீடே அழுதது. நான் அந்த மனிதருக்குத் தேங்காய் பழத்தோடு வேட்டி எடுத்துக் கொடுத்தேன். அடுத்த மாதம் பிள்ளை தொடர்ந்து சத்தி எடுக்க, பயந்து நிறுத்தினேன். நிறுத்தினால் சொல் போய்விடும் என்று அதற்கும் மேலே பயந்தேன். சொல் போகவில்லை. இரண்டு மாதத்தில் "பாண்" வந்தது, பிறகு "வா" வந்தது. வருட முடிவில் முன்பள்ளி ரீச்சர் தன் கொப்பியைக் காட்டினா. அதில் சூரணம் தொடங்குவதற்கு ஒன்பது நாளைக்கு முந்திய பக்கத்தில், "தண்ணீர்ப் போத்தலைக் காட்டித் 'த' என்கிறார்" என்று எழுதியிருந்தது. அந்தச் சொல் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

இரகசியச் சூரணங்களிலும் பஸ்பங்களிலும் ஈயமும் பாதரசமும் இருக்கக்கூடும் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். 2004இல் வந்த ஒரு ஆய்வில் பொஸ்ரன் நகரக் கடைகளில் விற்ற 70 தெற்காசிய ஆயுர்வேத மருந்துகளைப் பார்த்தபோது 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. ஈயம் பிள்ளையின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். அதனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் வைத்தேன்: என்னென்ன சேர்ந்தது, எவ்வளவு என்று எழுதித் தராத எதுவும் வாய்க்குள்ளும் போகாது, ஊசியாகவும் ஏறாது, ஆசனவாயாலும் போகாது. எழுதித் தந்தால் அந்தத் துண்டை வைத்தியரிடம் காட்டுவேன். இதுவரை இரண்டு பேர்தான் எழுதித் தந்தார்கள்.

பால், பாண் விசயத்தில் மாமியின் மனதை நோகடிக்க வேண்டாம், ஆனால் யோசித்துச் செய்யுங்கள். கோதுமையையும் பாலையும் நிறுத்தினால் ஓட்டிசம் குறையும் என்பதற்கு ஒழுங்கான சோதனைகளில் நல்ல சான்று கிடைக்கவில்லை. உங்கள் மகன் எத்தனை சாமான் சாப்பிடுகிறான் என்று நீங்கள் எழுதவில்லை. எங்கள் பிள்ளைகளில் பலர் ஐந்தாறுக்கு மேல் தொடமாட்டார்கள். என் மகன் அந்த வயதில் பாண், பால்மா, வெறும் சோறு, ஒரு வகை பிஸ்கட், வாழைப்பழம், இவ்வளவுதான். அதில் மூன்றை எடுத்தால் மிஞ்சுவது சோறும் பழமும். நிறையும் குறையும், எலும்புக்கு வேண்டிய கல்சியமும் குறையும். பால் குடித்தால் தோல் தடிக்கிறது, வயிறு வீங்குகிறது, மலம் இறுகுகிறது என்றால் அது வேறு கதை, அதற்கு வைத்தியரைக் கேளுங்கள்.

மாமி பிடிவாதமாக நின்றால், அவவையும் சேர்த்துக்கொண்டு சோதித்துப் பாருங்கள். எண்ணக்கூடிய மூன்று விசயத்தை எடுங்கள்: இரவில் எத்தனை தரம் எழும்புகிறான், ஒரு நாளில் எத்தனை தரம் தானாகக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கேட்கிறான், எத்தனை தரம் தலையை இடிக்கிறான். ஒன்றையும் மாற்றாமல் முதலில் நாலு கிழமை எழுதுங்கள். பிறகு பாலை மட்டும் நாலு கிழமை நிறுத்துங்கள், அதுவும் கல்சியத்துக்கு என்ன கொடுப்பது என்று வைத்தியரிடம் கேட்டுவிட்டு. அந்த நேரம் வேறு எதையும் புதிதாகத் தொடங்க வேண்டாம். பிறகு பாலைத் திரும்பக் கொடுத்து இன்னும் நாலு கிழமை எழுதுங்கள். முடிந்தால், பால் நிறுத்தியது தெரியாத ஒருவர், முன்பள்ளி ரீச்சர் போல, தன் பாட்டுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கட்டும். நிறுத்தியபோது எழும்புவதும் இடிப்பதும் குறைந்து, தானாகக் கேட்பது கூடி, பாலைத் திரும்பக் கொடுத்தபோது அது பழையபடி மாறினால் பேச ஏதோ இருக்கிறது. நிறுத்த முன்னம், நிறுத்தியபோது, திரும்பக் கொடுத்தபோது என்று மூன்று தவணையிலும் ஒரே மாதிரி ஏறி இறங்கினால் பிள்ளைக்குப் பாலைத் திருப்பிக் கொடுங்கள்.

கனடா அண்ணாவுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். உங்கள் கணவர் சொல்லட்டும். அவருடைய அண்ணா, அவருடைய வாயால் வந்தால்தான் எடுபடும். மருமகள் சொன்னால் அது மறுப்பு, தம்பி சொன்னால் அது வீட்டு முடிவு. ஒரே வசனத்தை மாற்றாமல் சொல்லச் சொல்லுங்கள்: "அண்ணை, நாங்கள் டொக்டரிட்டைக் கேட்டிட்டம், இதைக் குடுக்கிறேல்லை எண்டு முடிவெடுத்திட்டம்." ஏன் என்று விவாதிக்கப் போனால் அடுத்த காணொளி வரும். அதோடு நிறுத்தாமல் ஒரு பொறுப்பையும் கொடுங்கள். பேச்சுப் பயிற்சிக்கு மாதம் எத்தனை தரம் போகிறீர்கள், ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் எவ்வளவு முடிகிறது என்று கணக்கு எழுதி, இதில் பாதியை நீங்கள் பார்க்கிறீர்களா என்று கேட்கட்டும். போத்தலுக்குக் காசு கொடுத்தவருக்குப் பிள்ளைக்கு ஏதும் செய்ய வேண்டும் என்ற தவிப்பு இருக்கிறது. "விருப்பமில்லையோ" என்று அவர் கேட்டதும் அந்தத் தவிப்பில்தான். கேட்டது பிழை, உங்களை அறுத்திருக்கும், எனக்குத் தெரியும்.

மாமிக்கும் ஒரு வேலை உண்டு, அதுவும் பெரிய வேலை. பிள்ளைக்குப் பிடித்த ஒரு சாமானைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு சொல்லை மட்டும் சொல்லி, மனதுக்குள் பத்து எண்ணும்வரை வாயை மூடிக்கொண்டு காத்திருக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு அவசரம், பிள்ளை வாய் திறக்க முன்னம் நாங்களே நாலு சொல் சொல்லிவிடுவோம். அவன் பார்த்தாலும், கையை நீட்டினாலும், படத்தைக் காட்டினாலும் உடனே கொடுக்க வேண்டும். "சொன்னால்தான் தருவன்" என்று அழவைக்கக் கூடாது. படம் காட்டினால் பேச்சு வராது என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம், படம் பேச்சை மறிப்பதில்லை.

நூல் கையில் இருக்கட்டும், அது அவனை உறுத்தாவிட்டால். உறுத்தினால் மாமியின் சாமித்தட்டில் வையுங்கள். நேர்த்தியையும் தடுக்காதீர்கள், அது அவவின் மனதுக்கு வேண்டியது. பத்திரகாளி அம்மனுக்கோ கோணேஸ்வரத்துக்கோ எதுவானாலும், திருவிழா நாளில் கொண்டுபோக வேண்டாம். சாதாரண நாளில் விடியப் போங்கள். மேளமும் காண்டாமணியும் தொடங்கும் நேரத்தை ஐயரிடம் முதலே கேட்டு வைத்து, அதற்குப் பத்து நிமிசம் முன்னம் அவனை வெளி வீதிக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். மாமி உள்ளே நின்று கும்பிட்டு முடித்து வரட்டும்.

அன்புடன்,
அக்கா