ஆஃபர் 25, சேர்ந்தது 9: கேம்பஸ் டிரைவ்ல எங்க ஓட்டை?

"கோயம்புத்தூர்ல எங்களுது 250 பேர் வேலை பாக்குற சாஃப்ட்வேர் கம்பெனி. போன வருஷம் பெரிய காலேஜ் மூணுல டிரைவ் வெச்சு 25 ஆஃபர் குடுத்தோம், ஜூலைல சேர்ந்தது 9 பேர்தான். அடுத்த வருஷம் 20 பேர் கண்டிப்பா வேணும். எந்த காலேஜ் போறது, எப்படி பிளான் பண்றது?"

முதல்ல அந்த வராத 16 பேருக்கும் ஒரு போன் போட சொல்லுங்க, எங்க போனாங்கன்னு கேட்டா போதும். பாதிக்கு மேல உங்களுக்கு அப்புறம் கேம்பஸுக்கு வந்த கம்பெனிக்கு போயிருந்தா தப்பு சம்பளத்துல இல்ல, காலேஜ் தேர்வுல. பெரிய காலேஜ்ல முதல் நாள் ஸ்லாட் பெரிய பிராடக்ட் கம்பெனிகளுக்கு போயிடும், உங்களுக்கு கிடைக்கிறது நடுவுல ஒரு நாள், அன்னிக்கு உக்கார்ற நல்ல பசங்க உங்க ஆஃபர பாக்கெட்ல வெச்சிட்டு அடுத்ததுக்கு ரெடியாகிட்டே இருப்பாங்க.

அதனால காலேஜ் லிஸ்ட் போடும்போது ரேங்க் பாக்காதீங்க. பிளேஸ்மெண்ட் ஆபீசர் கிட்ட கேக்க வேண்டியது, ஒரு ஆஃபர் வாங்கின பையன் மறுபடி உக்காரலாமா, "ட்ரீம் ஆஃபர்" விதி இருக்கா, இருந்தா உங்க சம்பளத்த விட எவ்வளவு அதிகம்னா விடுவீங்க. அப்புறம் போன வருஷ ஹையஸ்ட் பேக்கேஜ் எல்லாம் வேணாம் (அது பேனர்ல போடறதுக்கு), நடுவுல இருக்கிற பையனுக்கு என்ன கிடைச்சுதுன்னு கேளுங்க. அது உங்க சம்பளத்துக்கு பக்கத்துல இருந்தா அதுதான் உங்க காலேஜ். ஊரும் முக்கியம், திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி பக்கத்து பசங்க கோவைல தங்குவாங்க, சென்னைல படிச்ச சென்னை பையன் இங்க வர்றது கஷ்டம்தான்.

கணக்க சேர்றவங்கள்ல இருந்து பின்னாடி போடுங்க. காலேஜ் மாத்தினா 100க்கு 60 பேர் வருவாங்கன்னு வெச்சா 20 பேருக்கு 33 ஆஃபர். இன்டர்வியூல அஞ்சுல ரெண்டு பேர் தேறுவாங்கன்னா 83 பேர உக்கார வைக்கணும், டெஸ்ட்ல நாலுல ஒருத்தர் பாஸ்னா 332 பேர் எழுதணும், அதுக்கு நாலஞ்சு காலேஜ் போதும். ஆனா 33ஐயும் ஒரே நேரத்துல விடாதீங்க, ஆகஸ்ட் செப்டம்பர்ல 22, மீதி பிப்ரவரில. அதுக்குள்ள எத்தன பேர் கழண்டாங்கன்னு தெரிஞ்சிடும், பிப்ரவரிலயும் நல்ல பசங்க இருப்பாங்க, டெஸ்ட்ல சொதப்பினதால தங்கிப்போனவங்க.

ரெஜிஸ்ட்ரேஷன் ஃபார்ம ஒரு தடவ நீங்களே ஃபில் பண்ணி பாருங்க. பன்னெண்டாவது மார்க் கட்டாயம்னு போட்டா டிப்ளமோ முடிச்சு நேரா ரெண்டாம் வருஷம் சேர்ந்தவங்க உள்ளயே வர முடியாது, அவங்கள்ல கை வேலை தெரிஞ்சவங்க நிறைய. நிலுவைல அரியர் இருக்கக்கூடாதுன்னா சரி, எப்பவோ வெச்சு முடிச்ச அரியருக்கு எல்லாம் வெட்ட வேணாம்.

டிரைவ் அன்னிக்கு காலேஜ் பஸ் எத்தன மணிக்கு கிளம்புதுன்னு கேட்டு வெச்சுக்கங்க, அதுக்கப்புறம் இன்டர்வியூ இழுத்தா பாதி பேர் பதட்டத்துலயே பேசுவாங்க. ஒரு பேனல் ஒரு நாளைக்கு 8 பேர்தான் ஒழுங்கா பாக்க முடியும், அதுக்கு மேல பத்தாவது ஆளுக்கு என்ன கேட்டோம்னு அவங்களுக்கே ஞாபகம் இருக்காது. ரிசல்ட் அன்னிக்கே, முடியலைன்னா மறுநாளாவது சொல்லிடுங்க.

ஆஃபர் லெட்டர்ல தான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. சிடிசி 4.5 லட்சம்னா பையன் 12ஆல வகுத்து மாசம் 37,500னு வீட்ல சொல்லிடுவான். அதுல 50,000 வருஷக் கடைசி போனஸ், உங்க பங்கு பிஎஃப் 21,600, பேசிக் வருஷத்துக்கு 2 லட்சம்னா கிராஜுவிட்டி கிட்டத்தட்ட 9,600, இதெல்லாம் போக மாசம் 30,700 சில்லற, அதுல அவன் பங்கு பிஎஃப் 1,800 கழிச்சா கைக்கு வர்றது 29 ஆயிரத்துக்குள்ள. இத லெட்டர்லயே "கைக்கு வரும் தொகை"னு ஒரு வரி போடுங்க, சேர்ந்த முதல் மாசமே பேப்பர் போடறது குறையும். பாண்ட் வேணும்னா அதையும் டிரைவ் அன்னிக்கே சொல்லுங்க, ஒரிஜினல் சர்டிஃபிகேட் வாங்கி வெச்சுக்கற பழக்கம் மட்டும் வேணவே வேணாம்.

செப்டம்பர்ல ஆஃபர், ஜூலைல சேர்றது, நடுவுல பத்து மாசம் நீங்க சும்மா இருந்தா வேற யாராவது பேசுவாங்க. எட்டாவது செமஸ்டர்ல பிராஜெக்ட் தவிர பெருசா இருக்காது, காலேஜ் விட்டா ஜனவரில இருந்து ஸ்டைபெண்டோட இன்டர்ன்ஷிப்புக்கு கூட்டிட்டு வந்துடுங்க, ஆபீஸ்ல ஒரு டீமோட உக்காந்து வேலை பாத்தவன் அவ்வளவு சீக்கிரம் போக மாட்டான். வர முடியாதவங்களுக்கு அதே காலேஜ்ல படிச்ச உங்க எம்ப்ளாயி ஒருத்தர மாசம் ஒரு தடவ பேச சொல்லுங்க, எச்ஆர் மெயில் அனுப்பறத விட இது வேலை செய்யும். போன் எடுக்காம இருக்க ஆரம்பிச்சாங்கன்னா அந்த சீட்ட காலின்னே வெச்சு பிப்ரவரி கணக்குல சேத்துடுங்க.