சின்ன அட்டவணையில் ரிக்ரஷன்: சாய்வு, வெட்டுத்துண்டு, எச்சம்

கேள்வி: கால்குலேட்டரில் போட்டால் சாய்வும் வெட்டுத்துண்டும் உடனே வந்துவிடுகின்றன. இதையே கையால் எப்படிப் போடுவது? வரும் எண்களுக்கு என்ன பொருள்? எச்சங்களை எதற்குக் கணக்கிடச் சொல்கிறார்கள்?

பதில்:

சூடான நீர் ஆறுவதை எடுத்துக்கொள்வோம். அடுப்பிலிருந்து இறக்கி எத்தனை நிமிடம் ஆயிற்று என்பது x, அப்போதைய வெப்பநிலை (°C) y. கையால் போட வசதியாக எண்களை நானே அமைத்திருக்கிறேன்.

| x | y | x − x̄ | y − ȳ | பெருக்கல் |
|---|---|---|---|---|
| 2 | 84 | −4 | 11 | −44 |
| 4 | 77 | −2 | 4 | −8 |
| 6 | 72 | 0 | −1 | 0 |
| 8 | 68 | 2 | −5 | −10 |
| 10 | 64 | 4 | −9 | −36 |

x-இன் சராசரி 6, y-இன் சராசரி 73. முதலில் ஒவ்வொரு எண்ணிலிருந்தும் அதன் சராசரியைக் கழித்துவிடுங்கள். Σxy, Σx² என்று பெரிய எண்களைக் கூட்டும் சூத்திரமும் இதே விடையைத் தரும். ஆனால் அதில் ஒரு கூட்டல் பிசகினால் எங்கே பிசகியது என்று தேடுவது கடினம். இங்கே விலக்கப் பத்திகள் இரண்டும் கூட்டினால் 0 வரவேண்டும். வராவிட்டால் மேலே போகாமல் சராசரியைச் சரிபாருங்கள்.

கடைசிப் பத்தியின் கூட்டுத்தொகை −98. x விலக்கங்களின் வர்க்கங்கள் 16 + 4 + 0 + 4 + 16 = 40. இனி ஒரு வகுத்தலில் சாய்வு b வந்துவிடும், ஒரு பெருக்கலிலும் கழித்தலிலும் வெட்டுத்துண்டு a வந்துவிடும்; ŷ என்பது கோடு சொல்லும் y:

```
b = −98 / 40 = −2.45
a = 73 − (−2.45 × 6) = 87.7
ŷ = 87.7 − 2.45x
```

வகுக்கும் இடத்தில் y விலக்கங்களின் வர்க்கத்தொகையைப் (244) போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. அலகைப் பார்த்தால் பிடித்துவிடலாம். −98-இன் அலகு நிமிடம் × டிகிரி, 40-இன் அலகு நிமிடம் × நிமிடம். வகுத்தால் நிமிடத்துக்கு இத்தனை டிகிரி என்று வரும், நமக்கு வேண்டியதும் அதுதான். 244-ஆல் வகுத்தால் டிகிரிக்கு இத்தனை நிமிடம் என்று தலைகீழாகிவிடும்.

சாய்வு −2.45 என்றால், அளந்த இடைவெளிக்குள் நிமிடத்துக்குச் சராசரியாக 2.45 டிகிரி வீதம் நீர் ஆறியிருக்கிறது. ஆனால் இந்தச் சராசரியில் எல்லாப் புள்ளிகளுக்கும் சம பங்கு கிடையாது. பெருக்கல் பத்தியை மறுபடி பாருங்கள்: −98-இல் −80 இரண்டு முனைப் புள்ளிகளிலிருந்து மட்டுமே வந்திருக்கிறது. 10-ஆம் நிமிட வெப்பநிலையை ஒரு டிகிரி கூட்டிப் படித்துவிட்டால் சாய்வு −2.35 ஆகிவிடும். அதே பிழை 6-ஆம் நிமிடத்தில் நேர்ந்தால் சாய்வு நகரவே நகராது; கோடு முழுவதும் 0.2 டிகிரி மேலே ஏறும், அவ்வளவுதான். அதனால் முனைகளில் இருக்கும் அளவீடுகளைத்தான் அதிகக் கவனத்தோடு எடுக்க வேண்டும்.

வெட்டுத்துண்டு 87.7 என்பது x = 0 ஆகும்போது கோடு காட்டும் மதிப்பு. இறக்கிய நொடியில் நீர் 87.7 டிகிரியில் இருந்தது என்று இதை வாசிக்கத் தோன்றும். பொறுங்கள்: 0-வில் நாம் அளக்கவே இல்லை. அந்த எண்ணை நம்பலாமா என்பதற்கு விடை எச்சங்களில் இருக்கிறது.

எச்சம் என்பது அளந்த y-யிலிருந்து கோடு சொல்லும் y-யைக் கழித்தது. கழிக்கும் வரிசை முக்கியம்; மாற்றிக் கழித்தால் குறிகளெல்லாம் புரண்டுவிடும்.

| x | அளந்தது | கோடு | எச்சம் |
|---|---|---|---|
| 2 | 84 | 82.8 | 1.2 |
| 4 | 77 | 77.9 | −0.9 |
| 6 | 72 | 73.0 | −1.0 |
| 8 | 68 | 68.1 | −0.1 |
| 10 | 64 | 63.2 | 0.8 |

கூட்டினால் 0. இத்துடன் கணக்கு சரி என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள், அது போதாது. a-வை மேலே போட்ட முறையில் கண்டால், கோடு எப்படியும் (6, 73) வழியாகப் போகும். அப்படிப் போகும் எந்தக் கோட்டுக்கும் எச்சங்களின் கூட்டுத்தொகை 0-தான். சாய்வின் குறியை மறந்து +2.45 என்று போட்டாலும் கூட்டுத்தொகை 0 வரும்! சாய்வைச் சோதிக்க ஒவ்வோர் எச்சத்தையும் அதன் x-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும்:

```
2.4 − 3.6 − 6.0 − 0.8 + 8.0 = 0
```

இதுவும் 0 ஆனால்தான் சாய்வு சரி. −2.45-ஐ அவசரப்பட்டு −2.5 என்று முழுமையாக்கினால் எச்சங்கள் 1, −1, −1, 0, 1 என்று வரும். கூட்டுத்தொகை 0, பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் x-ஆல் பெருக்கிக் கூட்டினால் 2 வரும், குட்டு உடைந்துவிடும்.

எச்சங்களின் வர்க்கத்தொகை 3.9. மேலே சொன்ன இரண்டு நிபந்தனைகளுக்கு அவை கட்டுப்பட்டவை என்பதால், 5-ஆல் வகுக்காமல் 5 − 2 = 3-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 1.14 டிகிரி. அளவீடுகள் கோட்டைச் சுற்றி இந்த அளவுக்குச் சிதறியிருக்கின்றன. y-இன் ஏற்ற இறக்கத்தில் எவ்வளவு பங்கைக் கோடு விளக்குகிறது என்று காட்டும் r² வேண்டுமென்றால் 1 − 3.9/244, அதாவது சுமார் 0.984. இதைப் பார்த்ததும் பலருக்கு முழுத் திருப்தி வந்துவிடும். எனக்கு வராது.

காரணம், எச்சங்களின் குறிகள்: கூட்டல், கழித்தல், கழித்தல், கழித்தல், கூட்டல். இரு முனைகளிலும் நீர் கோட்டுக்கு மேலே, நடுவில் கீழே. தற்செயல் பிழையென்றால் குறிகள் கலைந்து கிடக்க வேண்டும். இப்படி வளைந்து போனால், வளைவான ஒன்றின்மீது நேர்கோட்டை வைத்து அழுத்தியிருக்கிறோம் என்று சந்தேகிக்க வேண்டும். மூல எண்களும் அதையே சொல்கின்றன: முதல் 2 நிமிட இடைவெளியில் 7 டிகிரி இறங்கியது, அடுத்ததில் 5, பிறகு 4, 4.

வெறும் ஐந்து புள்ளிகளை வைத்து இதை நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே இயற்பியலும் சேர்ந்துகொள்கிறது. சூடான பொருள் இழக்கும் வெப்பம், சுற்றுப்புறத்தைவிட அது எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வித்தியாசம் குறையக் குறைய ஆறும் வேகமும் குறையும்.

ஆகவே இந்த 87.7-ஐத் தொடக்க வெப்பநிலையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2-ஆம் நிமிடத்திலேயே நீர் கோட்டுக்கு 1.2 டிகிரி மேலே நிற்கிறது. பின்னோக்கிப் போகப் போக இடைவெளி கூடும். உண்மையான தொடக்கம் 87.7-ஐவிட அதிகம் என்றே எதிர்பார்க்க வேண்டும். முன்னோக்கிப் போனால் இன்னும் வேடிக்கை: x = 40 என்று போட்டால் கோடு −10.3 டிகிரி என்கிறது, அதாவது மேசைமேல் வைத்த நீர் பனிக்கட்டி! 2 முதல் 10 நிமிடத்துக்குள் ஒரு மதிப்பை மதிப்பிட இந்தக் கோடு தாராளமாகப் போதும், தவறு ஒன்றிரண்டு டிகிரிதான் இருக்கும். அதற்கு வெளியே போக வேண்டுமென்றால் அறை வெப்பநிலையையும் அளந்து, y-யிலிருந்து அதைக் கழித்து, மடக்கை எடுத்து, அந்தப் புதிய பத்திக்கு இதே கணக்கைப் போடுங்கள். x பத்தி மாறாததால் 40 அப்படியே இருக்கும். மீதியை மட்டும் புதிதாகப் போட்டால் போதும்.