ஆறு வயல்களும் 0.03 என்ற எண்ணும்

கேள்வி: குறுவையில் ஆறு வயல்களில், வாய்க்காலை ஒட்டிய பாதிக்கு மட்டும் ஒரு வளர்ச்சி ஊக்கி தெளித்தேன். ஆறிலும் தெளித்த பாதியே கூடுதலாகக் கண்டது. வேளாண் கல்லூரியில் படிக்கும் என் மகள் கணக்குப் போட்டு, பி-மதிப்பு 0.03 என்கிறாள். அப்படியானால் மருந்து வேலை செய்கிறது என்பது 97 சதவீதம் உறுதிதானே? சம்பாவில் மொத்த நிலத்துக்கும் அடிக்கலாமா?
— நெல் விவசாயி, மன்னார்குடி வட்டம்

பதில்: உங்கள் மகளின் கணக்கில் பிழை இல்லை. 97 சதவீதம் என்பதுதான் அந்தக் கணக்கில் எங்குமே இல்லாத எண்.

அதே கணக்கை நீங்கள் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துக்கொண்டே போட்டுப் பார்க்கலாம். அந்த ஊக்கி வெறும் தண்ணீர்தான் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஒரு வயலில் எந்தப் பாதி முந்தும் என்பது பூவா தலையா போடுவதைப் போன்றது. ஆறிலும் தெளித்த பாதியே முந்துவதென்றால், ஆறு முறை சுண்டி ஆறு முறையும் தலை விழுவதற்குச் சமம். அதற்கான வாய்ப்பு 64-இல் ஒன்று. ஆறிலும் தெளிக்காத பாதி முந்தியிருந்தாலும் அதே அளவு வியந்திருப்போம் என்பதால் அதையும் சேர்த்து 64-இல் இரண்டு, அதாவது ஏறத்தாழ 0.03. மருந்தில் ஒன்றுமே இல்லை என்று கொண்டால், இவ்வளவு ஒருபக்கமாகச் சாய்ந்த விளைவு தற்செயலாக வருவதற்கான வாய்ப்பையே பி-மதிப்பு என்கிறோம்.

மருந்தில் ஒன்றுமில்லை என்று கொண்டு தொடங்கிய கணக்கால், ஒன்றுமில்லாமல் இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு என்று சொல்ல முடியாது. மழை பெய்தால் களம் நனைந்தே தீரும். ஆனால் களம் நனைந்திருப்பதை வைத்து மழை பெய்தது என்று அதே உறுதியோடு சொல்ல முடியுமா? யாரேனும் தண்ணீர் தெளித்திருக்கலாம் அல்லவா? 97 என்று சொல்லும்போது நீங்கள் செய்திருப்பது இந்தத் தலைகீழ் வாசிப்பைத்தான். படித்த ஆய்வாளர்களே இதில் சறுக்குகிறார்கள். அமெரிக்கப் புள்ளியியல் கழகம் 2016-இல் இதற்கென்றே ஓர் அறிக்கை வெளியிட வேண்டியிருந்தது.

கடையில் 200 வகை ஊக்கிகள் இருப்பதாகவும், அவற்றில் 20 மட்டுமே உண்மையில் வேலை செய்வதாகவும் கற்பனை செய்துகொள்வோம். நல்ல சோதனை அந்த இருபதில் 16-ஐக் கண்டுபிடிக்கலாம். 0.05-க்குக் கீழே வந்தால் தேறியது என்று வைத்தால், வேலை செய்யாத 180-இலும் சுமார் 9 தற்செயலாகத் தேறிவிடும். தேறிய 25-இல் 9 போலி, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஆகவே உறுதி எவ்வளவு என்பது, அந்த மருந்து எந்தக் கூட்டத்திலிருந்து வந்தது என்பதையும் பொறுத்தது. பி-மதிப்புக்கு அந்தக் கூட்டம் தெரியாது.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது வேறொன்று. ஆறு வயலிலும் வாய்க்கால் பக்கத்துப் பாதிக்கே தெளித்திருக்கிறீர்கள். தண்ணீர் முதலில் ஏறுவதும், வண்டல் படிவதும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். அப்படியென்றால் நீங்கள் சுண்டிய நாணயம் முன்பே ஒருபக்கம் கனத்தது. மருந்தே இல்லாவிட்டாலும் அந்தப் பாதி முந்தியிருக்கக்கூடும். 0.03 என்ற எண் இதைக் காட்டிக்கொடுக்காது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919-இல் பணிக்குச் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர், பி-மதிப்பைப் பரப்பியதோடு நில்லாமல், எந்தப் பாத்திக்கு எதை இடுவது என்பதைக் குலுக்கலுக்கு விட வேண்டும் என்று வற்புறுத்தியதும் இதனால்தான்.

கூடுதல் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு மா நிலத்துக்கு ஒரு மூட்டை கூடியிருந்தாலும், ஒரு மரக்கால் கூடியிருந்தாலும் மகளின் கணக்கில் அதே 0.03-தான் வரும், ஏனென்றால் அது எந்தப் பாதி முந்தியது என்பதை மட்டுமே எண்ணுகிறது. மருந்து விலையையும் தெளிப்புக் கூலியையும் அந்த மரக்கால் ஈடுகட்டுமா என்பது நீங்கள் தனியாகப் பார்க்க வேண்டிய கணக்கு.

எனவே சம்பாவில் மொத்த நிலத்துக்கும் அடிக்க வேண்டாம். பத்து வயல்களை எடுத்து, ஒவ்வொரு வரப்பிலும் நின்று காசைச் சுண்டி, எந்தப் பாதிக்குத் தெளிப்பது என்று முடிவு செய்யுங்கள். மருந்து காற்றில் பரவும் என்பதால் நடுவில் சில அடி விட்டு, அறுவடை இயந்திரம் இரண்டு பாதியையும் கலந்துவிடாமல் தனித்தனியாக எடை போடுங்கள். ஆறு வயலில் ஒன்று மாறியிருந்தாலே 0.03 என்பது 0.22 ஆகியிருக்கும். அதற்கும் மருந்து பயனற்றது என்று பொருளில்லை, வயல் போதவில்லை என்றுதான் பொருள். பத்து வயலில் ஒன்று பொய்த்து ஒன்பது முந்தினாலும் 0.02 வரும். வந்தால் மூட்டைக் கணக்கோடு எழுதுங்கள்.