போடியாரின் நெல்லும் பண்டிதரின் திருத்தமும்: பழைய கடிதக் கட்டு ஒன்றைப் படிக்கும் முறை

கேள்வி: எங்கள் அப்பப்பா வாத்தியார், புலவர். அவருக்கு 1930, 40களில் வந்த கடிதங்கள் ஒரு றங்குப்பெட்டி நிறைய இருக்கின்றன. அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஒரு பண்டிதரை வீட்டில் எல்லோரும் அப்பப்பாவின் எதிரி என்கிறார்கள், ஆனால் அவர் எழுதிய கடிதங்கள் அன்பாகத்தான் இருக்கின்றன. நூல் அச்சிட உதவியதாகச் சொல்லப்படும் போடியாரோ நாலு வரிக்கு மேல் எழுதியதே இல்லை. நூலின் முகவுரையிலும் அவர் பெயர் இல்லை. யாரை நண்பர், யாரை எதிரி, யாரைப் புரவலர் என்று எழுதுவது? சில கடிதங்களின் படங்களை அனுப்பியிருக்கிறேன். (வாசகர், களுவாஞ்சிக்குடி)

பதில்: ஒருவருக்கு ஒரே பெயர் சூட்ட வேண்டாம். எந்த ஆண்டு, எந்தக் காரியத்தில் அவர் என்னவாக இருந்தார் என்று பாருங்கள். அதற்கு முதலில் திகதிகள் சரியாக வேண்டும். நீங்கள் அனுப்பிய படங்களிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது.

போடியாரின் கடிதத்தில் 'வெகுதானிய வருஷம் மாசி 18' என்று மட்டும் இருக்கிறது. நீங்கள் ஓரத்தில் பென்சிலால் 1938 என்று குறித்திருக்கிறீர்கள். வெகுதானிய வருஷம் 1938 சித்திரையில் பிறந்தது உண்மைதான். ஆனால் அந்த வருஷத்து மாசி, ஆங்கிலக் கணக்கில் 1939ஐச் சேர்ந்தது. ஆகவே இந்தக் கடிதம் 1939 மார்ச் தொடக்கத்தில் எழுதப்பட்டது. தை, மாசி, பங்குனிக் கடிதங்களில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கும், அதனால் அவற்றைத் தனியே எடுத்து ஒருமுறை சரிபாருங்கள்.

ஒரு வருஷம் தள்ளிப்போனதில் கதையே மாறிவிடுகிறது. முகவுரையில் உள்ள திகதி 1938 ஆவணி. மீதிப் பணத்தைக் கேட்டு அச்சகத்தார் எழுதிய கடிதம் 1939 ஜனவரி. போடியார் மூன்று அவணம் நெல் அனுப்புவதாகவும், விற்று வேண்டியதைப் பார்த்துக்கொள்ளும்படியும் எழுதியது அதற்குப் பிறகு, மாரிப்போகம் வெட்டிய கையோடு. 1938 என்று வைத்தால் நூல் அச்சேற முன்பணம் கொடுத்தவராகத் தெரிவார். 1939 என்று வைத்தால் அச்சகக் கடனிலிருந்து உங்கள் அப்பப்பாவை மீட்டவராகத் தெரிகிறார். முகவுரையில் அவர் பெயர் ஏன் இல்லை என்பதும் அப்போது விளங்கிவிடுகிறது: அது எழுதப்பட்டபோது அவர் இன்னும் உதவியிருக்கவில்லை. நன்றி மறந்தார் என்று யாரும் அப்பப்பாவைச் சொல்ல வேண்டியதில்லை.

நாலு வரியைப் பார்த்துப் போடியாரின் மனதை அளக்கவும் வேண்டாம். கடிதத்தின் எழுத்து ஒரு கை, கையெழுத்து வேறொரு கை. யாரையோ கொண்டு எழுதுவித்து அவர் ஒப்பமிட்டிருக்கிறார். அப்படி எழுதுவிக்கும்போது உள்வீட்டுக் கதை எதுவும் கடிதத்தில் வராது. புரவலரை அறிய, அவர் கொடுத்ததையும் கேட்டதையும் அருகருகே எழுதிப் பாருங்கள். இவர் ஒரு கடிதத்தில் கண்ணகி அம்மன் குளிர்த்திக்குப் பாட்டு கேட்கிறார், இன்னொன்றில் மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சொல்கிறார். இரண்டும் நெல்லுக்குப் பிறகு வந்தவை. இது கொடுக்கல் வாங்கல் உள்ள ஆதரவு. அதில் குறை ஒன்றும் இல்லை, அப்படியே எழுதலாம்.

சரி, பண்டிதருக்கு வருவோம். அன்பான விளிப்பைப் பெரிதாக எடுக்காதீர்கள். அந்தக் காலத்தில் 'மகா ராஜராஜ ஸ்ரீ' என்று தொடங்குவதும் க்ஷேமம் விசாரிப்பதும் வழக்கம். பிடிக்காதவருக்கும் அப்படித்தான் எழுதுவார்கள். கவனிக்க வேண்டியது மாற்றத்தை. ஒருவரின் கடிதங்களை மட்டும் திகதிப்படி மேசையில் பரப்புங்கள். 1937இல் இவர் 'அன்பு நண்பருக்கு' என்கிறார், பக்கம் பக்கமாக யாப்புப் பிழைகளைத் திருத்துகிறார். 1938 ஐப்பசிக்குப் பிறகு 'கனம் புலவர் அவர்களுக்கு' என்று மாறுகிறது. அந்தக் கடிதத்தில் தாம் இரவல் கொடுத்த ஏட்டைத் திருப்பிக் கேட்கிறார், வேறொன்றும் இல்லை. முறிவு இங்கேதான். காரணம் அவர் கடிதத்தில் இல்லை, கொழும்பிலிருந்த நண்பர் எழுதியதில் இருக்கிறது: நூலைக் குறைகூறிப் பத்திரிகையில் வந்த கட்டுரை இவருடையது என்று அந்த நண்பர் கேள்விப்பட்டிருக்கிறார்.

இப்படி மூன்றாம் ஆள் எழுதுவது மிகவும் பயன்படும், ஏனென்றால் நேரில் சொல்லாததை அவரிடம் சொல்லியிருப்பார்கள். ஆனால் அது கேள்விப்பட்ட செய்திதான். அந்தப் பத்திரிகை இதழைத் தேடிப் பார்க்கும்வரை 'நண்பர் ஒருவர் அவ்வாறு எழுதினார்' என்பதற்கு மேல் போகாதீர்கள்.

அப்புறம் 1940இல் வந்த கடிதத்தைப் பாருங்கள். பண்டிதர் தம் மாணவருக்கு இரண்டு பிரதி கேட்கிறார், மறுபதிப்புக்கென்று ஒரு திருத்தப் பட்டியலும் இணைக்கிறார். உங்கள் அப்பப்பாவின் நூலை இவ்வளவு நுணுக்கமாகப் படித்தவர் அந்தப் பெட்டியில் வேறு யாரும் இல்லை. பாராட்டி எழுதிய நண்பர்கள் எவரும் ஒரு வரியைக்கூடச் சுட்டவில்லை. ஏறக்குறைய ஒன்றரை வருஷம் பகை, அதற்கு முன்னும் பின்னும் நல்ல வாசகர் என்றுதான் கடிதங்கள் காட்டுகின்றன.

வீட்டு நினைவில் பகை மட்டும் தங்கியதில் வியப்பில்லை. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அதைத் தாமே பதிப்பிக்க விரும்பிச் சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளை அவரிடம் கேட்டதையும், அதனால் வந்த மனச்சங்கடத்தையும் 'என் சரித்திரம்' சொல்கிறது. அது தொடராக வரத் தொடங்கியது 1940இல். தாமோதரம்பிள்ளை 1901இலேயே காலமாகிவிட்டார். அரை நூற்றாண்டு கழித்து ஒருவர் மட்டும் சொன்ன கதை அது. அந்த நாள்களில் எழுதப்பட்ட கடிதத்துக்கு உள்ள சாட்சித் தன்மை வேறு. பிறகு என்ன நடக்கப் போகிறது என்று எழுதியவருக்கே தெரியாது.

இடைவெளிகளிலும் அவசரப்படாதீர்கள். 1942, 43இல் பண்டிதரின் கடிதம் ஒன்றும் இல்லை என்கிறீர்கள். இருவரும் ஒரே ஊரில் இருந்திருக்கலாம். மட்டக்களப்பில் 1978 சூறாவளி எத்தனையோ வீடுகளின் கடதாசிகளைக் கொண்டுபோனது. உங்கள் பெட்டியிலும் ஈரம் பட்ட தடம் தெரிகிறது. இடைவெளிக்குப் பின் வரும் முதல் கடிதத்தைப் படியுங்கள். நெடுநாள் எழுதாததற்குச் சமாதானம் சொன்னால் உண்மையில் மௌனம் இருந்தது. 'தங்கள் 12ஆம் திகதிக் கடிதம் கிடைத்தது' என்று சாதாரணமாகத் தொடங்கினால் கடிதப் போக்குவரத்து நிற்கவில்லை, கடிதங்கள்தான் தொலைந்தன.

இந்தக் 'கிடைத்தது' வரிகளையெல்லாம் ஒரு கொப்பியில் திகதியோடு குறியுங்கள். உங்களிடம் இருப்பது அப்பப்பாவுக்கு வந்தவை மட்டுமே. அவர் எழுதியவை மற்றவர் வீடுகளில் இருக்கின்றன. அவர் யாரிடம் கெஞ்சினார், யாரிடம் கோபித்தார் என்பது அங்கேதான் தெரியும். திகதி கையில் இருந்தால் பண்டிதரின் பேரப்பிள்ளைகளிடம் 'பழைய கடிதம் ஏதும் உண்டா' என்று பொதுவாகக் கேட்காமல், இந்த மாதத்துக் கடிதம் என்றே கேட்கலாம். போடியார் குடும்பத்தில் கடிதம் இல்லாவிட்டால், அந்த அம்மன் கோயில் வண்ணக்கரிடம் பழைய கணக்குக் கொப்பிகள் உண்டா என்று விசாரியுங்கள். குளிர்த்திப் பாட்டுக்கு ஏதும் கொடுத்திருந்தால் அதில் பதிந்திருக்கக்கூடும்.